அவள் பார்க்கிறபடியே எழுதுவது: நாவலில் மனச்சிதைவை உள்ளிருந்து காட்டும் வழி

மனநோய் உள்ள ஒரு பாத்திரத்தை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது, அந்த நோய் தெருவுக்கு வரும் காட்சியைத்தான். கலைந்த தலைமுடி, காரணமில்லாத சிரிப்பு, உடைகிற பாத்திரங்கள், வாசலில் கூடி நிற்கும் அக்கம்பக்கத்தார். "நான்" என்று தன்மையில் எழுதியிருந்தாலும் அந்தக் காட்சியைப் பார்ப்பது அக்கம்பக்கத்தாரின் கண்கள்தான். தன் தலை கலைந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அன்றைக்கு அதைவிட அவசரமான வேலை அவளுக்கு இருக்கும். அந்த அவசரமான வேலை என்ன என்று எழுத்தாளருக்குத் தெரியாதபோதுதான் நோய் வேடிக்கையாகிறது.

அந்த வேலையைக் கண்டுபிடித்து எழுதுவது எப்படி என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. எல்லா மனநோய்களையும் ஒரே வழியில் எழுத முடியாது என்பதால், ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிகம் தவறாக எழுதப்படுவது அதுதான். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் மாறி மாறி வருவது மனச்சிதைவு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது முற்றிலும் வேறு சங்கதி.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைப் பாத்திரம். தேன்மொழி, வயது 26, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முதல் செக்கிங்கில் குறை இருக்கிற இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரிசெய்த பிறகு அந்த பீஸ் இவள் மேசைக்கு வரும். அம்பு காட்டுகிற இடத்தைப் பார்த்து, சரியாக இருந்தால் ஸ்டிக்கரை உரித்துவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரை அம்பு காட்டும் இடத்தில் குறை தேடுவதுதான் அவள் பிழைப்பு. பாத்திரத்தின் தொழிலை இவ்வளவு விவரமாக முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏன் என்பது சீக்கிரமே தெரியும்.

முதலில் காலக்கோடு

நோய் ஒரே இரவில் வருவதாக எழுதுவது சுலபம். ஆனால் மனச்சிதைவு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஆண்களுக்குப் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளின் முன்பாதியிலோ தொடங்குவது வழக்கம். பெண்களுக்குப் பெரும்பாலும் சில ஆண்டுகள் தள்ளி வரும். வெளியே தெரிவதற்கு முன் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், மெல்லிய மாற்றங்கள் நடக்கும். தூக்கம் குறையும். தோழிகளோடு பேச்சு குறையும். வேலையில் கவனம் நழுவும். குளிப்பதும் தலைவாருவதும் பெரிய வேலையாகத் தோன்றும்.

அதன்பின் ஒரு கட்டம் வரும். கிளௌஸ் கொன்ராட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 1958இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக விவரித்தார். ஏதோ நடக்கப்போகிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்ற இறுக்கம் அது. மேடையேறும் முன் நடிகருக்கு வரும் படபடப்போடு அதை அவர் சேர்த்துப் பேசினார். உலகம் அப்படியே இருக்கும், ஆனால் எல்லாம் ஏதோ ஒன்றை மறைப்பதாகத் தெரியும். அடுத்த கட்டத்தில் அந்த இறுக்கம் சட்டென்று அவிழும். "இப்போது புரிந்துவிட்டது" என்ற தெளிவு வரும். வெளியிலிருப்பவருக்கு நோய் முற்றுகிற அந்த நேரம், உள்ளே இருப்பவருக்குப் பெரும் நிம்மதியாகக்கூட இருக்கலாம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதி நாவல் வந்துவிடும்.

ஆகவே எழுதுவதற்கு முன் மாதவாரியாக ஒரு தாள் போடுங்கள். தேன்மொழிக்கு என் தாள் இப்படி இருக்கும்: சித்திரையில் தூக்கம் நான்கு மணி நேரமாகிறது. வைகாசியில் மதியச் சாப்பாட்டுக்குத் தோழிகளோடு உட்காருவதை நிறுத்துகிறாள். ஆனியில் காரணம் தெரியாத இறுக்கம். ஆடியில் அம்பு. ஆவணியில் குரல். புரட்டாசியில் மருத்துவமனை. நாவலில் இந்த மாதப் பெயர்கள் வராமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் அவள் எத்தனை மணி நேரம் தூங்கியிருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள். அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதம், வேறொரு வரையறையின்படி ஆறு மாதம் நீடித்தால்தான் மருத்துவர்களே அந்தப் பெயரைச் சொல்வார்கள். முதல் சந்திப்பிலேயே மருத்துவர் நோயின் பெயரை அறிவித்து விளக்கவுரை ஆற்றும் காட்சி பெரும்பாலும் வாசகருக்காகச் செய்யப்பட்டதுதான்.

நம்பிக்கைக்குக் காரணம் கொடுங்கள்

தொடங்குகிறவர் பலரும் எழுதும் பத்தி இப்படி இருக்கும்:

"சுவர்கள் என்னை நோக்கி நெருங்கின. ஆயிரம் குரல்கள் என் மண்டைக்குள் அலறின. உடைந்த கண்ணாடியைப் போல நான் சிதறிக்கொண்டிருந்தேன்."

இதில் ஒருவருடைய அனுபவம் எதுவும் இல்லை. மனநோய் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர் செய்துகொண்ட கற்பனைதான் இருக்கிறது. தான் சிதறிக்கொண்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நோய்க்குள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாம் நோய்க்குள் இருப்பது தெரியாது என்பது இந்த நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. அவளைப் பொறுத்தவரை அவள் சிதறவில்லை, கண்டுபிடிக்கிறாள். இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"காலையில் மேசைக்கு வந்த கட்டில் பதினொரு பீஸ். முதல் பீஸில் அம்பு கழுத்துப் பட்டியைக் காட்டியது. பட்டி சரியாக இருந்தது, உரித்தேன். இரண்டாவதிலும் கழுத்துப் பட்டி. மூன்றாவதில் ஸ்டிக்கர் கொஞ்சம் திரும்பியிருந்தது. பட்டியை விட்டு வெளியே காட்டியது. அம்பு போகிற நேரே பார்த்தேன். அங்கே என் வயிறு. சாந்தியக்கா பத்து வருஷமாக ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். கை தவறாது. நான்காவது பீஸை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எடுத்தேன். அதுவும் திரும்பித்தான் இருந்தது."

இங்கே குரல் இல்லை, அலறல் இல்லை. ஆனால் வாசகருக்கு வயிறு கலங்கும். அந்தப் பத்தி நகர்வது தர்க்கத்தால். அவள் ஆதாரம் சேர்க்கிறாள். அவளுடைய ஒவ்வொரு அடியும் நியாயமானது, ஓர் அடியைத் தவிர. அந்த ஓர் அடி எங்கே தவறியது என்று வாசகர் திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்க வேண்டும். தொழிலை விவரமாக முடிவு செய்யச் சொன்னதும் இதற்குத்தான். குறை தேடிப் பழகிய கண்ணுக்கு வரும் நம்பிக்கை, பஸ் ஓட்டுநருக்கோ பள்ளி ஆசிரியைக்கோ வருவதிலிருந்து வேறாக இருக்கும். உளவுத்துறை, காதில் பதித்த சிப் எல்லாம் பாத்திரத்தின் வாழ்க்கையில் எங்கேயும் வேர் இல்லாமல் வந்தால், அவை சினிமாவிலிருந்து வந்தவை.

இந்தப் பத்தியைத் திருத்தும்போது பார்க்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, உவமைகள். "போல" என்று வருகிற இடமெல்லாம் வெளியிலிருந்து ஒப்பிடும் ஒருவர் நிற்கிறார். அம்பு தன்னைக் காட்டுவது போல அவளுக்கு இருக்கவில்லை. அம்பு அவளைக் காட்டியது, அவ்வளவுதான். இன்னொன்று, வாக்கியங்களின் அமைப்பு. நோயைக் காட்டுவதற்காக வாக்கியங்களை உடைத்து, நிறுத்தற்குறியில்லாமல் ஓடவிட்டு, எழுத்துகளைச் சிதறடிப்பார்கள். பேச்சு சிதறுவது இந்த நோயில் உண்டுதான், ஆனால் எல்லோருக்கும் இல்லை, எப்போதும் இல்லை. அப்படியே சிதறினாலும் பேசுகிறவருக்குத் தன் பேச்சு தொடர்பாகத்தான் இருக்கும். சிதறலைக் கேட்பது எதிரில் இருப்பவர். அதனால் அவள் மனதுக்குள் வாக்கியம் ஒழுங்காகவே இருக்கட்டும். மற்றவர்களோடு பேசும்போது அவர்கள் "என்ன சொல்ற, புரியலையே" என்று கேட்கட்டும்.

இன்னும் ஒன்று. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர், மனச்சிதைவுக்கு இன்று உலகம் வழங்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரைக் கொடுத்தவர், தன் நோயாளிகளிடம் கண்ட ஒன்றை இரட்டைக் கணக்கு என்றார். தான் பேரரசன் என்று நம்புகிற நோயாளி அமைதியாகத் தரை துடைத்துக்கொண்டிருப்பார். இரண்டு உலகமும் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். தேன்மொழியும் அப்படித்தான். கம்பெனி முழுக்கத் தன்னைக் குறிவைக்கிறது என்று உறுதியாக நம்புவாள். சனிக்கிழமை சம்பளம் வாங்க வரிசையில் நிற்பாள், ஐம்பது ரூபாய் குறைந்தால் கேட்பாள். இந்த வகைக் காட்சிகளை எழுத மறந்துவிடாதீர்கள். இவை இருந்தால் பாத்திரம் ஆளாக இருக்கும், இல்லாவிட்டால் நோயாக மட்டும் இருக்கும்.

குரல்கள்

இந்த இடத்தில்தான் வேடிக்கை அதிகம் நுழைகிறது. எதிரொலி, பேய்த்தனமான சிரிப்பு, "கொல்லு, கொல்லு" என்ற கட்டளை. கட்டளையிடும் குரல்கள் உண்டு, அச்சுறுத்தும் குரல்களும் உண்டு. ஆனால் நாவலாசிரியருக்கு உண்மையில் உதவும் ஒரு ஆய்வு இருக்கிறது, அதில் சென்னைக்கும் இடம் உண்டு. டான்யா லூர்மன் என்ற மானுடவியலாளரும் உடன் ஆய்வாளர்களும், குரல் கேட்கிறவர்களை மூன்று ஊர்களில் ஊருக்கு 20 பேராகச் சந்தித்து நேர்காணல் எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை. அமெரிக்கர்கள் பலருக்கும் குரல் என்பது தலைக்குள் அத்துமீறி நுழைந்த, வன்முறையான, பெரும்பாலும் யாருடையது என்று தெரியாத ஒன்று. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் சொந்தக்காரர்களின் குரலைக் கேட்டார்கள். குரல் வீட்டுப் பெரியவரைப்போல அறிவுரை சொன்னது, திட்டியது, வீட்டு வேலை ஏவியது. ஆபாசமாகப் பேசி வெட்கப்பட வைத்த குரல்களும் இங்கே இருந்தன. ஆகவே நம் ஊர்க் குரல்கள் எல்லாம் அன்பானவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குரலுக்கு ஓர் ஆள், ஓர் உறவு, ஒரு பழைய பேச்சுமுறை இருக்கும் என்பது இங்கே எழுதுகிறவருக்குப் பெரிய கதவு.

தேன்மொழிக்குக் கேட்கும் குரல், அவள் அம்மாவைப் பெற்ற அம்மாயியுடையது.

"அம்மாயி அடுப்பைப் பார்க்கச் சொன்னது. எழுந்து பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. 'சிலிண்டரையும் மூடு' என்றது. மூடினேன். அம்மா புரண்டு படுத்து, 'என்ன கண்ணு, எத்தன தடவ எந்திரிக்கற?' என்றாள். அம்மாயி சொல்லுது என்றால் அம்மா அழுவாள். அம்மாயி செத்து நாலு வருஷம் ஆகிறது. 'தண்ணி தாகம்' என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்."

செத்துப் போனவர் என்பது அவளுக்குத் தெரியும். பேசுவதும் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே அவள் திகைத்து நிற்கவில்லை. அம்மா அழக்கூடாது என்று பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யில் அவள் அறிவும் பாசமும் முழுசாக இருக்கின்றன.

குரலை எழுதும்போது சில நடைமுறைக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? எவ்வளவு சத்தம்? எப்போது வராது? சிலருக்கு ஓர் உண்மையான ஓசை ஓடும்போது மட்டும், அதனோடு சேர்ந்து குரல் கேட்கும். மின்விசிறி ஓடினால் கேட்கும், நின்றால் நின்றுவிடும். தையல் மிஷின்கள் இரைகிற இடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இது எவ்வளவு பொருந்தும் பாருங்கள். கரண்ட் போனதும் கூடவே அம்மாயியும் போய்விடுகிறது. ஜெனரேட்டர் போடும் வரைக்கும் அவளுக்கு ஓய்வு. இந்த ஒரு காட்சி பத்து அலறல்களுக்கு மேல். குரலைச் சாய்வெழுத்திலோ தடித்த எழுத்திலோ போடாதீர்கள். மற்றவர் பேச்சுக்கு என்ன குறியோ அதே குறி போதும், ஏனென்றால் அவளுக்கு அது மற்றவர் பேச்சுதான்.

அவள் தோளுக்கு மேலே வாசகர்

முழுக்க அவள் பார்வையிலேயே இருந்தால் வாசகருக்கு நடப்பது எப்படிப் புரியும் என்ற கவலை வரும். அந்தக் கவலையில்தான் எழுத்தாளர்கள் அத்தியாயத்தின் நடுவில் அண்ணனின் பார்வைக்குத் தாவி எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார்கள். அது வேண்டியதில்லை. மற்றவர்கள் பேசியதை அவள் சரியாகவே கேட்கட்டும், தவறாகப் பொருள் கொள்ளட்டும். சூப்பர்வைசர் சொல்கிறார்: "ரெண்டு நாள் வீட்ல இரும்மா. நல்லாத் தூங்கு. சம்பளம் புடிக்கமாட்டேன்." அவள் யோசிப்பது: ஏன் ரெண்டு நாள்? மூணு நாள் ஏன் இல்லை? அந்த ரெண்டு நாளில் மேசையில் என்ன செய்யப்போகிறார்கள்? வாசகர் அந்த மனிதரின் அக்கறையையும் கேட்கிறார், அவளுடைய பயத்தையும் கேட்கிறார். அந்த இடைவெளிதான் நாவலின் துக்கம். அதைத் தனியாக விளக்க வேண்டாம்.

சுற்றியிருப்பவர்களைக் கொடியவர்களாக்குவதும் ஒரு வகை வேடிக்கைதான். மகள் தூங்கவில்லை என்று கவலைப்பட்டுக் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போகிற அம்மா அறியாமையின் சின்னம் இல்லை. கோயிலுக்கும் போவார்கள், மருத்துவரிடமும் போவார்கள், பல குடும்பங்களில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

உச்சக் காட்சி

ஒருநாள் கம்பெனியில் அவள் ஸ்டிக்கர்களையெல்லாம் கிழித்து எறிவாள், ஆட்கள் பிடிப்பார்கள். இந்தக் காட்சியை எழுதத்தான் கை துடிக்கும். என் கருத்து: இதை நாவலின் மிகச் சிறிய காட்சிகளில் ஒன்றாக வையுங்கள். அவளுக்கு அது உச்சக்கட்டம் இல்லை, வேலை. முந்நூறு பீஸ், எல்லாவற்றிலிருந்தும் அம்பை எடுத்தாக வேண்டும், பிசின் விரலில் ஒட்டுகிறது, நகம் போதவில்லை. யாரோ கையைப் பிடிக்கிறார்கள். இன்னும் எழுபது இருக்கிறது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். சுற்றி நின்றவர்களின் முகபாவனையும் செல்போன் கேமராக்களும் அவள் கண்ணில் படவில்லை என்றால் பக்கத்திலும் படக்கூடாது.

அடைத்துவைத்தல், சங்கிலி, ஷாக் சிகிச்சை பற்றி எழுதுவதானால் ஆண்டைப் பாருங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் இறந்தது நம் நினைவில் இருக்க வேண்டிய உண்மை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியிடக்கூடாது என்கிறது, மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதையும் தடை செய்கிறது. இன்றைக்கு நடக்கும் கதையில் விழித்திருக்கும் பெண் ஷாக்கில் துடிப்பதை வழக்கமான சிகிச்சையாக எழுதினால், பழைய சினிமாவைத்தான் எழுதுகிறீர்கள். சட்டத்தை மீறி நடந்ததாக எழுதலாம். அப்போது அது மீறல் என்பது கதைக்குள் இருக்க வேண்டும்.

மாத்திரைக்குப் பிறகு

பெரும்பாலான கதைகள் மருத்துவமனை வாசலில் முடிந்துவிடுகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. நோயோடு வாழ்கிறவர்களின் காலத்தில் பெரும்பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. நாவலில் பாதியாவது இங்கே நடக்கட்டும்.

முதல் சில நாட்களில் தூக்கம் வரும், பதற்றம் அடங்கும். நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் போகாது. வாரக்கணக்கில் மெல்ல வலுவிழக்கும். பலருக்கு அது பொய்யென்று ஒருநாள் விடிவதில்லை. முக்கியம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். அம்பு தன்னைக் காட்டியதா என்று தேன்மொழியிடம் கேட்டால், "காட்டியிருக்கலாம். இப்ப அதப்பத்தி யோசிக்கறதில்ல" என்பாள். இந்தப் பதில் ஒரு மனமாற்றக் காட்சியைவிட உண்மையானது.

பக்கவிளைவுகளைப் பாத்திரத்தின் வாழ்க்கையோடு பொருத்துங்கள். ரிஸ்பெரிடோன் மாதவிலக்கை நிறுத்தக்கூடும். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அது என்னென்ன பயத்தைக் கிளப்பும் என்று யோசியுங்கள். ஓலான்சபின் பசியைக் கூட்டி உடம்பைப் பெருக்க வைக்கும். சில மருந்துகளால் ஓரிடத்தில் இருக்கவிடாத ஒரு தவிப்பு காலில் ஏறும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். பார்க்கிறவர்கள் அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைப்பார்கள். கைநடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வாயை உலர்த்தும், கண்ணை மங்கச் செய்யும். செக்கிங் வேலைக்குக் கண்தான் மூலதனம். திரும்பி வந்த தேன்மொழி இரண்டு துளைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள், பீஸ் திரும்பி வருகிறது. நோயின்போது இல்லாத குறைகளைக் கண்டவளுக்கு, குணமாகும்போது இருக்கிற குறை தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று அவள் யோசிக்கும் நாள் இங்கிருந்து பிறக்கும். அதற்குப் "பொறுப்பில்லாமை" என்று யாரும் பெயர் வைக்க முடியாது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது என்பதும் கதைக்குள் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதோடு ஒரு வெறுமை இருக்கும். அது சோகமில்லை, சோம்பலுமில்லை. தொடங்குவதற்கான உந்துதல் இல்லாமை. சீப்பு கையில் இருக்கும், கை தலைக்குப் போகாது. இதை எழுதுவது குரலை எழுதுவதைவிடக் கஷ்டம், ஏனென்றால் எதுவும் நடக்காது. ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் சீப்பும் வெயில் நகர்வதும் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்ப்பதும் மட்டும் இருக்கட்டும்.

படிக்கக் கொடுப்பது

முதல் வரைவை நோயை அனுபவித்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் நல்ல நிலையில் இருக்கிற காலமாகப் பாருங்கள், கையெழுத்துப் படியில் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லுங்கள், எப்போது வேண்டுமானாலும் பாதியில் நிறுத்தலாம் என்றும் சொல்லுங்கள். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அவர் சொந்தக் கதையைச் சொன்னால் அது உங்கள் நாவலுக்கான சரக்கு இல்லை. "இது சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "எந்த இடத்தில் இவள் உங்களுக்கு அந்நியமானாள்?" என்று கேளுங்கள். அவர் காட்டுகிற பக்கத்தை எடுத்து, அங்கே யாருடைய கண் வழியாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு உவமை இருக்கும், அல்லது வாசலில் நிற்கிற யாரோ ஒருவர் இருப்பார்.